தம் கட்டித் தூக்குகிறவர்களுக்கு மூலம் வந்தால்

ஜிம்மில் கால்களுக்குப் பயிற்சி செய்த மறுநாள் காலை, கழிப்பறையில் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டுகிறது. வலி எதுவும் இல்லை. பார்த்தவர் பயந்துபோய் நண்பர்களிடம் கேட்கிறார். ஒருவர் "வெயிட் தூக்கினா பைல்ஸ் வரத்தான் செய்யும், ஜிம்மையே விட்டுடு" என்கிறார். இன்னொருவர் "அதெல்லாம் சூடு, மோர் குடி, சரியாயிடும்" என்கிறார். முதல் யோசனையைக் கேட்டவர் இரண்டு வருட உழைப்பைக் கைவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உடல் பெருத்து, மலச்சிக்கலை இன்னும் கூட்டிக்கொள்கிறார். இரண்டாவதைக் கேட்டவர் அதே எடையை அதே விதமாகத் தூக்கி, ஆறு மாதத்தில் கையால் உள்ளே தள்ளிவிட வேண்டிய நிலைக்கு வருகிறார். இரண்டு பேரும் தவிர்த்திருக்கக்கூடிய கஷ்டம் இது.

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அல்ல. ஆசனவாய்க்குச் சற்று மேலே, உட்சுவரில் மூன்று இடங்களில் ரத்தக் குழாய்களும் மீள்தசை நார்களும் பின்னிய மெத்தைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. குழாயின் வாஷர் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்வதுபோல, இவை ரத்தத்தால் புடைத்து நின்று காற்றும் நீர்மலமும் நம்மை மீறிக் கசியாமல் அடைத்துக்கொள்கின்றன. இந்த மெத்தைகளைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருக்கும் நார்கள் வருடக்கணக்கில் இழுபட்டுத் தளரும்போது, மெத்தை கீழே சரிகிறது, வீங்குகிறது, மலம் உரசும்போது ரத்தம் கசிகிறது. உள்மூலத்தில் வலி தெரியாததற்குக் காரணம், அந்த மேல்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததுதான். ஆசனவாயின் விளிம்பில், தோலுக்கு அடியில் வருவது வெளிமூலம். அங்கே நரம்புகள் நிறைய இருப்பதால் அது வலித்துத் தீர்த்துவிடும்.

இந்த மெத்தைகளிலிருந்து மேலே போகும் முக்கிய ரத்தக் குழாய்கள் கல்லீரலுக்குச் செல்லும் பாதையில் சேர்கின்றன. கால் நரம்புகளில் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வுகள் போல எதுவும் அந்தப் பாதையில் இல்லை. அதனால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால், அது நேராக மெத்தைகள் வரை வந்து சேரும்.

இனி தூக்குவதற்கு வருவோம். கனமான பாரை எடுக்கும்போது நாம் மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, வயிற்றை இறுக்குகிறோம். ஜிம்மில் இதைத் தம் கட்டுவது என்கிறோம். 1704-ல் காதைப் பற்றி ஒரு நூல் எழுதிய இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் அந்தோனியோ வால்சால்வாவின் பெயரால் மருத்துவத்தில் இது அறியப்படுகிறது. முதுகுத்தண்டைத் தாங்கிப் பிடிக்க உடல் தானாகவே செய்யும் வேலை இது. நிற்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பாதரசம். உச்ச எடையைத் தம் கட்டித் தூக்கும்போது இது 200-ஐத் தாண்டுவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985-ல் பாடிபில்டர்கள் சிலரின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு கால்களாலும் லெக் பிரஸ் செய்து களைத்துப்போகும் கட்டத்தில் சராசரி அளவு 320-க்கு 250. சாதாரணமாக 120-க்கு 80 இருக்க வேண்டியது இது. சில நொடிகளுக்குத்தான் என்றாலும், தம் கட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

ஆனால் இவ்வளவு அழுத்தம் ஏறினால் பளு தூக்கும் எல்லோருக்கும் மூலம் வந்திருக்க வேண்டுமே? வருவதில்லை. எடை தூக்குவது மட்டுமே மூலத்தை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான சான்றும் இல்லை. மூலத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்துச் சொல்லப்படுவது மலச்சிக்கல், முக்கி மலம் கழிப்பது, கழிப்பறையில் நெடுநேரம் உட்காருவது, கர்ப்பம் ஆகியவைதான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆசனவாய்த் தசையில் இருக்கிறது. ஒழுங்காகத் தூக்கத் தெரிந்தவர் தம் கட்டும்போது இடுப்பின் அடித்தளத் தசைகளும் ஆசனவாயின் வளையத் தசையும் சேர்ந்து இறுகும். மேலிருந்து அழுத்தம் வந்தாலும் கீழே கதவு மூடியிருக்கிறது. முக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. கதவு திறந்து, தசை தளர்ந்து, அழுத்தம் முழுவதும் கீழ்நோக்கியே போகிறது. மெத்தை சரிவதற்கு இதைவிட வசதியான நிலை கிடையாது.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், சுமை நம் வலுவை மீறும்போது தூக்குவதே முக்குவதாக மாறிவிடுகிறது. பத்தாவது முறையோடு நிறுத்த வேண்டியதை மாஸ்டர் பின்னால் நின்று "இன்னொன்னு, இன்னொன்னு" என்று ஏற்றிவிடுகிறார். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தொண்டையிலிருந்து ஒரு உறுமல். அந்தக் கடைசி இரண்டு முறைகளில் அடித்தளத் தசை தோற்றுப்போய், வயிற்று அழுத்தம் கீழே தள்ளுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. எடையை மேலே தள்ளும் நொடியில் ஆசனவாய் கீழ்நோக்கிப் பிதுங்குவதுபோல, எதையோ வெளியே தள்ளுவதுபோல உணர்ந்தால், நீங்கள் முக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த எடை இப்போதைக்கு உங்களுக்கு அதிகம்.

ஓர் ஆளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோவையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது 30, எடை 72 கிலோ, இரண்டு வருடமாக மாலையில் ஜிம். ஸ்குவாட்டில் அவருடைய உச்சம் 110 கிலோ, டெட்லிஃப்டில் 140. மூன்று வாரமாக ரத்தம். மலம் கழிக்கும்போது ஏதோ வெளியே வந்து, எழுந்தால் தானாக உள்ளே போய்விடுகிறது. மருத்துவர் விரலாலும், சிறு குழல் விட்டும் பார்த்து இரண்டாம் நிலை உள்மூலம் என்கிறார். ரத்தம் மட்டும் வருவது முதல் நிலை. வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாம் நிலை. கையால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளினாலும் போகாதது நான்காம் நிலை.

இவருடைய பயிற்சியைத் திருத்துவதற்கு முன் இவருடைய தட்டைப் பார்க்க வேண்டும். காலையில் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் வெள்ளைச் சோறும் கோழி நெஞ்சுக்கறியும், மாலையில் தண்ணீரில் கலக்கிய வே புரோட்டீன், இரவில் மறுபடி கோழி. முட்டையிலும் கோழியிலும் நார்ச்சத்து சுத்தமாக இல்லை. வே புரோட்டீனிலும் கிட்டத்தட்ட இல்லை. வெந்த வெள்ளைச் சோறு ஒரு கிண்ணத்தில் ஒரு கிராமுக்கும் குறைவு. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவைப்படும் உடம்புக்கு இவர் பத்துக்கும் கீழேதான் கொடுக்கிறார். ஒன்றரை மணி நேரம் வியர்த்து, குடித்தது ஒரு பாட்டில் தண்ணீர். மலம் கல்லாகிறது. காலையில் கைப்பேசியோடு இருபது நிமிடம் உட்கார்ந்து முக்குகிறார். தினமும் காலையில் முக்குவதும் வாரத்தில் இரண்டு நாள் அளவுமீறித் தூக்குவதும் ஒன்றுசேர்ந்தே இவருக்கு ரத்தத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. ஜிம்மைக் குறை சொல்பவர்கள் இந்தத் தட்டைப் பார்ப்பதே இல்லை.

புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும். ஒரு வேளை கோழிக்குப் பதில் ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலை வைத்தால் அதிலேயே 12 கிராம் அளவு நார் கிடைக்கிறது. மதியம் ஒரு கீரைப் பொரியல், மாலையில் ஒரு கொய்யா. அப்படியும் போதாவிட்டால் இரவில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி இசப்கோல். நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால் பத்து நாளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தண்ணீர் கூடாமல் நார் மட்டும் கூடினால் மலம் இன்னும் இறுகும். நார்ச்சத்தைக் கூட்டினாலே மூலத்தில் ரத்தக் கசிவு பாதிக்குப் பாதி குறைகிறது என்பதைப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. களிம்பு எதற்கும் இந்தப் பலன் இல்லை. கழிப்பறையில் ஐந்து நிமிடம் போதும். மேற்கத்திய பாணிக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம். கைப்பேசி வெளியே.

இனி பயிற்சி. ரத்தம் வரும் நாட்களில் பாரைத் தொடக்கூடாது. முதல் இரண்டு வாரம் இவருக்குத் தினமும் முப்பது நிமிட வேக நடை. நடப்பது குடலையும் நகர்த்தும். நீச்சல் தெரிந்தால் அது இன்னும் நல்லது, உடல் எடை ஆசனவாய்ப் பக்கம் அழுத்தாது. மலம் இளகி, ஐந்தாறு நாள் தொடர்ந்து ரத்தம் வராமல் இருந்த பிறகு எடைகளுக்குத் திரும்பலாம்.

திரும்பும்போது முதலில் கற்க வேண்டியது மூச்சு. எடை கீழே இறங்கும்போது மூச்சை இழுக்க வேண்டும். கஷ்டமான பாதியில், அதாவது தள்ளும்போதும் எழும்போதும், உதட்டைக் குவித்து ஊதுவதுபோல மெதுவாக வெளியே விட வேண்டும். அதே நேரத்தில் காற்றுப் போகாமல் அடக்குவதுபோல ஆசனவாய்த் தசையை லேசாக மேலே இழுக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் மேலே அழுத்தம் குறைகிறது, கீழே கதவு மூடியிருக்கிறது. இதைக் கண்ணாடி முன்னால் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகலாம். மூச்சை விட்டுக்கொண்டே எழ வந்துவிட்டால், கையில் எட்டுக் கிலோ டம்பெல்லோடு எழலாம்.

எடையை எப்படித் தீர்மானிப்பது? மூச்சை நிறுத்தாமல் 12 முதல் 15 முறை செய்ய முடிந்து, இன்னும் மூன்று நான்கு முறை செய்யத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்தத்தக்க எடை எதுவோ, அது. 110 கிலோ உச்சம் உள்ள இவருக்கு ஸ்குவாட்டில் அது ஏறத்தாழ 50 கிலோவாக இருக்கும். அவருக்கு இது அவமானமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நூறு போடும்போது ஐம்பதோடு நிற்பது எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு செட்டிலும் நிதானமாக மூன்று நொடி இறங்கி எழுந்தால் தொடை அந்த ஐம்பதிலேயே நன்றாக எரியும். தசை வளர்வதற்கு உச்ச எடை கட்டாயம் இல்லை. குறைந்த எடையைக் கூடுதல் முறை செய்தாலும் தசை வளரும். இழப்பது உச்ச வலுவின் ஒரு பகுதியைத்தான், அதுவும் தற்காலிகமாக.

எந்தப் பயிற்சி என்பதில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஸ்குவாட் ஆகாது என்று தெரிந்தவர்கள் நேராக லெக் பிரஸ் இயந்திரத்துக்குப் போகிறார்கள். உட்கார்ந்து செய்வதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்த இயந்திரத்தில் ஸ்குவாட்டைவிட இரண்டு மடங்கு தட்டுகளை ஏற்ற முடிகிறது, முழங்கால் வயிற்றை நெரிக்கிறது, தம் கட்டாமல் தள்ளவே முடிவதில்லை. மெக்மாஸ்டரில் அந்த 320 பதிவானதும் லெக் பிரஸ்ஸில்தான். மூலம் உள்ளவர் அதில் குறைந்த எடையோடு, முழங்காலை வயிறு வரை கொண்டுவராமல் செய்தால் சரி. கால்களுக்கு லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், நெஞ்சோடு ஒரே டம்பெல்லை அணைத்துச் செய்யும் ஸ்குவாட், தரையில் படுத்து இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜ் ஆகியவை இன்னும் நிம்மதியானவை. பிரிட்ஜில் இடுப்பு நெஞ்சைவிட மேலே இருப்பதால் ரத்தம் தேங்குவதும் குறைவு.

உடலின் மேல்பாதிக்கு அவ்வளவு கவலை இல்லை. லேட் புல்டவுன், உட்கார்ந்து இழுக்கும் ரோயிங், டம்பெல் பிரஸ், கை தோள் பயிற்சிகள் எல்லாம் மூச்சு விட்டபடி செய்யக்கூடியவை. பெஞ்ச் பிரஸ்ஸும் அப்படியே, உச்ச எடைக்குப் போகாதவரை. தண்டால் தாராளமாக எடுக்கலாம். வயிற்றுக்கு சிட்-அப்ஸை நிறுத்திவிட்டு, முப்பது நொடி பிளாங்க், அதுவும் பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவில். பிளாங்கில் பேச்சு வரவில்லை என்றால் தம் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். நின்றபடி குதிப்பதில் வயிற்று அழுத்தம் லேசான எடை தூக்குவதைவிட அதிகம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். பர்பீ, பெட்டி மேல் தாவுவது போன்றவற்றைக் குணமாகும்வரை தள்ளிவைக்கலாம். சைக்கிள் மூலத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் வெளிமூலம் வீங்கியிருக்கும்போது குறுகிய சீட்டில் நெடுநேரம் உட்கார்ந்தால் உரசி வலிக்கும். யோகா செய்பவர்கள் மூச்சை உள்ளே நிறுத்தி வயிற்றை அழுத்தும் பயிற்சிகளை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாம்.

இடுப்பில் கட்டும் அகலத் தோல் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ட் முதுகைக் காப்பது, வயிறு அதன்மீது அழுத்தி உள்ளழுத்தம் இன்னும் கூடுவதால்தான். மூலம் இருக்கும்போது பெல்ட் தேவைப்படும் எடை என்றாலே அது தூக்கக்கூடாத எடை.

நம் கோவைக்காரர் வாரத்துக்கு 2.5 கிலோ, சில வாரம் 5 கிலோ என்று ஏற்றுகிறார். ஏற்றுவதற்கு இரண்டு நிபந்தனைகள்: அந்த வாரம் முழுக்க ரத்தம் இல்லை, முக்காமல் மலம் போகிறது. 75 கிலோவை எட்டும்போது எட்டாவது முறையில் மூச்சு தானாக நின்றுவிடுவதைக் கவனிக்கிறார். அங்கேயே நிற்கிறார். சில மாதம் அதுதான் அவருடைய கூரை. டெட்லிஃப்டைத் தரையிலிருந்து எடுக்காமல், முழங்கால் உயரத்தில் வைத்த பாரை 60 கிலோவோடு எடுக்கிறார். ஒருநாள் நண்பர்கள் போட்டியில் 120 எடுத்துப் பார்க்கிறார். மறுநாள் காலை ரத்தம். இப்படி நேர்ந்தால் ஒரு வாரம் நடைக்குத் திரும்பி, எடையை இரண்டு படி இறக்கித் தொடங்குவதுதான் வழி.

இன்னொரு விதமாகவும் இது வரும். கனமாகத் தூக்கிய சில மணி நேரத்தில் ஆசனவாய் விளிம்பில் பட்டாணி அல்லது திராட்சை அளவில் நீலம் பாரித்த கட்டி, உட்கார முடியாத வலி. வெளி ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோனது இது. முதல் இரண்டு மூன்று நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு ஓரிரு வாரத்தில் தானே வற்றும். வலி தாங்க முடியாமல் 72 மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் போனால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடுவார். ஊசியால் குத்துவது, பிதுக்குவது எதுவும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்காருவது இதம் தரும்.

ரத்தம் வந்தாலே மூலம் என்று தானே முடிவு செய்துகொள்வது எனக்குப் பெரிய கவலை. ஜிம்முக்குப் போகும் வயதில் இருப்பவர்கள் அப்படித்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ரத்தம் கருத்திருந்தாலும், மலத்தோடு கலந்து வந்தாலும், எடை குறைந்தாலும், மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தாலும், வயது 45-ஐத் தாண்டியிருந்தாலும் குடலை உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும். மலம் போகும்போது கத்தியால் கீறுவதுபோல வலித்தால் அது பெரும்பாலும் ஃபிஷர் எனப்படும் வெடிப்பு. வலியோடு காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

உணவும் மூச்சும் சரியான பிறகும் ரத்தம் நிற்காத இரண்டாம் நிலை மூலத்துக்கு, மருத்துவர் அதன் அடியில் சிறு ரப்பர் வளையம் போடுவது வழக்கம். படுக்கை தேவையில்லை, பெரும்பாலும் மறுநாளே வேலைக்குப் போகலாம். இதனாலேயே பலர் மறுநாள் ஜிம்முக்கும் போய்விடுகிறார்கள். வளையம் போட்ட இடம் காய்ந்து விழுவது ஐந்து முதல் பத்து நாளில். விழுந்த இடத்தில் ஆறாத புண் இருக்கும். அதிலிருந்து அடுத்த சில நாட்களில் ரத்தம் பீறிடும் ஆபத்து உண்டு. அதனால் வளையம் போட்ட இரண்டு வாரத்துக்கு நடை மட்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள் எடுப்பவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. அறுவை சிகிச்சை செய்தவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மருத்துவர் புண்ணைப் பார்த்துச் சரி என்ற பிறகு, முதல் நாள் வெறும் பாரோடு, மூச்சை விட்டபடி, பன்னிரண்டு முறை.